ஐந்து முட்கரண்டிகளும் ஒரு தேர்வுக் கேள்வியும்

1965-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தம் மாணவர்களுக்குத் தேர்வில் ஒரு கணக்குக் கொடுத்தார். சில கணினிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு டேப் டிரைவ்களைப் பிடிக்கின்றன. எதுவும் நின்றுபோகாமல் எல்லாம் வேலை செய்ய என்ன வழி என்பது கேள்வி. சில காலம் கழித்து டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் கணினி அறிஞர் அதே கணக்குக்கு ஒரு சாப்பாட்டு மேசையின் உருவம் கொடுத்தார். இன்று ஆபரேட்டிங் சிஸ்டம் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் அந்த மேசையைக் கடந்துதான் போகிறார்கள்.

வட்ட மேசையைச் சுற்றி ஐந்து தத்துவஞானிகள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தட்டு, பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளுக்கு நடுவே ஒரு முட்கரண்டி. ஆக மொத்தம் ஐந்தே முட்கரண்டிகள். உணவோ இரண்டு முட்கரண்டி இருந்தால்தான் எடுக்க முடியும் என்ற வகை. ஒவ்வொருவரும் சிறிது நேரம் யோசிப்பார், பசித்தால் இடப்பக்க முட்கரண்டியை எடுப்பார், பிறகு வலப்பக்க முட்கரண்டியை எடுப்பார், சாப்பிட்டு முடித்ததும் இரண்டையும் கீழே வைப்பார். விதி அவ்வளவுதான், படித்தால் குறையே தெரியாது.

ஐவருக்கும் ஒரே நொடியில் பசித்தால் என்ன ஆகும்? ஐவரும் இடக்கையால் ஒன்றை எடுக்கிறார்கள். மேசை காலியாகிவிட்டது. வலக்கைக்கு வேண்டியது பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கிறது. அவரும் அவருக்கு அடுத்தவரைப் பார்த்துக் காத்திருக்கிறார். யாரும் தவறு செய்யவில்லை, யாரும் விதியை மீறவில்லை, ஆனாலும் இனி ஒருவரும் சாப்பிடப்போவதில்லை. இதற்குத்தான் டெட்லாக் என்று பெயர். டைக்ஸ்ட்ரா தம் ஆரம்பக் கட்டுரைகளில் இதை ‘சாவுத் தழுவல்’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தார்.

நம் பொறியியல் கல்லூரித் தேர்வுகளில் இந்தப் பாடத்திலிருந்து வரும் கேள்வி கிட்டத்தட்ட நிரந்தரமானது: டெட்லாக் ஏற்படத் தேவையான நிபந்தனைகள் யாவை, அவற்றை எவ்வாறு தடுக்கலாம்? முதல் பாதி இரண்டு மதிப்பெண் கேள்வியாகத் தனியாகவும் வரும். அதற்கு நான்கு பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும். இரண்டாம் பாதியில்தான் விடைத்தாள்கள் சறுக்குகின்றன. நான்கு நிபந்தனைகளுக்கும் தலைக்கு ஒரு வரி மறுப்பு எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். எந்த மறுப்பு நடைமுறையில் எடுபடும், எது எடுபடாது, ஏன் என்ற இடத்தில்தான் பாடமே இருக்கிறது.

நான்கு நிபந்தனைகளையும் சேர்த்து முறையாக எழுதி வைத்தவர்கள் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர். 1971-இல் வெளிவந்த கட்டுரை அது. அதனால் ‘காஃப்மன் நிபந்தனைகள்’ என்ற பெயரும் உண்டு. அவற்றை மேசையிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு முட்கரண்டியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். இது மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன். கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார்கள். இது ஹோல்ட் அண்ட் வெயிட். அடுத்தவர் கையிலிருந்து யாரும் பிடுங்குவதில்லை, அவராக வைத்தால்தான் உண்டு. இது நோ ப்ரீஎம்ப்ஷன். முதலாமவர் இரண்டாமவருக்காக, இரண்டாமவர் மூன்றாமவருக்காக என்று போய், ஐந்தாமவர் மறுபடி முதலாமவருக்காகக் காத்திருக்கிறார். இது சர்குலர் வெயிட்.

இவை தேவையான நிபந்தனைகள். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் டெட்லாக் வராது, அதனால் தடுக்க நினைப்பவர் ஒன்றை முறித்தால் போதும். ஆனால் வளங்களை வரைந்து காட்டும் படத்தில் வட்டம் ஒன்று தெரிந்ததுமே டெட்லாக் என்று எழுதிவிடக் கூடாது. ஒரே மாதிரியான இரண்டு பிரிண்டர்கள் இருந்து, அதில் ஒன்று வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு பிராசஸின் கையில் இருந்தால், அது வேலையை முடித்து விடுவித்ததும் வட்டம் தானாக அவிழ்ந்துவிடும். ஒவ்வொரு வளத்திலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் மட்டும் வட்டம் தெரிவதும் டெட்லாக்கும் ஒன்று.

இனி முறிக்கும் வேலை. முதல் நிபந்தனை, ஒருவர்தான் பிடிக்கலாம் என்பது, பெரும்பாலும் பொருளின் இயல்பு. ஒரு பிரிண்டரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அச்சடித்தால் வரிகள் கலந்து குப்பையாகும். ஆனால் பிரிண்டருக்கு ஒரு வழி உண்டு. எந்த புரோகிராமும் பிரிண்டரை நேரடியாகத் தொடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் பக்கங்களை டிஸ்கில் எழுதி வைக்கிறது, ஸ்பூலர் என்ற ஒரே ஒரு பின்னணிப் பிராசஸ் வரிசையாக எடுத்து அச்சடிக்கிறது. பிரிண்டருக்கான போட்டியே இல்லாமல் போகிறது. போட்டி டிஸ்க் இடத்துக்கு மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதும் மாணவர் விஷயம் புரிந்தவர். இரண்டு பெரிய ஆவணங்கள் பாதிப் பாதி எழுதப்பட்ட நிலையில் ஸ்பூல் இடம் நிரம்பினால், இரண்டும் முடிக்க முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆவணம் முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் அச்சடிப்பது என்று ஸ்பூலர் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் நிச்சயம்.

இரண்டாவது நிபந்தனையை முறிக்க, இரண்டு முட்கரண்டிகளையும் ஒரே மூச்சில் எடு, இல்லாவிட்டால் ஒன்றையும் எடுக்காதே என்று விதி போடலாம். மேசையில் இது டெட்லாக்கைத் தடுக்கும். விலை என்ன? இரண்டு பக்கத்து ஆட்களும் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நடுவில் இருப்பவருக்கு இரண்டு கரண்டியும் சேர்ந்து காலியாக இருக்கும் கணம் வராமலே போகலாம். டெட்லாக் இல்லை, ஆனால் ஒருவர் பட்டினி. கணினியில் இன்னொரு விலையும் உண்டு. ஒரு வேலை டேப்பிலிருந்து தரவைப் படித்து, ஒரு மணி நேரம் கணக்குப் போட்டு, கடைசியில் அச்சடிக்கிறது என்றால், பிரிண்டரையும் ஆரம்பத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் பிரிண்டர் சும்மா இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், என்னென்ன வளங்கள் தேவைப்படும் என்று பல புரோகிராம்களுக்கு ஓட ஆரம்பிக்கும்போது தெரியவே தெரியாது.

மூன்றாவது, பிடுங்குவது. பிடுங்கினால் பாதிப்பில்லாத பொருள்களும் உண்டு, பிடுங்கவே முடியாத பொருள்களும் உண்டு. சிபியூவை ஒரு பிராசஸிடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கலாம், ரிஜிஸ்டர் மதிப்புகளைச் சேமித்து வைத்துப் பிறகு திருப்பிவிடலாம். நினைவகப் பக்கத்தை டிஸ்குக்கு அனுப்பிவிட்டுப் பிறகு கொண்டுவரலாம். பாதி அச்சடித்த தாளை அப்படிச் செய்ய முடியாது. பாதி மாற்றப்பட்ட தரவைக் காத்துக்கொண்டிருக்கும் பூட்டையும் அப்படிப் பிடுங்க முடியாது. பிடுங்கினால் உள்ளே இருக்கும் அரைகுறைத் தரவு மற்றவர் கண்ணில் படும்.

இந்த வழி நன்றாக வேலை செய்யும் ஓர் இடம் உண்டு, அது டேட்டாபேஸ். செய்ததையெல்லாம் அழித்துப் பழைய நிலைக்குப் போகும் வசதி அங்கே பிறப்பிலேயே இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பகுதி இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதைக் கண்டுபிடித்தால், அவற்றில் ஒன்றைத் தேர்ந்து ரோல்பேக் செய்துவிடும். பாதிக்கப்பட்ட புரோகிராமுக்கு இந்தச் செய்தி வரும்:

```
ERROR 1213 (40001): Deadlock found when trying to get lock; try restarting transaction
```

இதைப் பார்த்ததும் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. செய்தியின் கடைசிப் பகுதி சொல்வதுபோல அந்த டிரான்சாக்‌ஷனை முதலிலிருந்து மறுபடி ஓட்டுவது புரோகிராம் எழுதியவரின் பொறுப்பு. அந்த மறுமுயற்சியை எழுத மறந்தால், பயனருடைய வேலை நடக்காமல் போகும்.

பிடுங்குவதற்கு ஒரு மென்மையான வடிவமும் உண்டு. இரண்டாவது கரண்டி கிடைக்காவிட்டால், கையில் இருக்கும் முதலாவதைத் தானாகவே கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து முயல்வது. நல்ல யோசனையாகத் தோன்றும். ஐவரும் ஒரே தாளத்தில் எடுத்து, ஒரே தாளத்தில் கீழே வைத்து, ஒரே அளவு காத்திருந்து, மறுபடி ஒரே நேரத்தில் எடுத்தால்? எல்லோரும் ஓயாமல் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவரும் சாப்பிடவில்லை. இதற்கு லைவ்லாக் என்று பெயர். காத்திருக்கும் நேரத்தை ஆளுக்கு ஆள் தற்செயலாக மாற்றினால் பெரும்பாலும் விலகிவிடும். இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. டெட்லாக்கில் தூங்கிக் காத்திருக்கும் புரோகிராம் சிபியூவை ஏறக்குறைய தொடாது. லைவ்லாக்கில் சிக்கியது, காத்திருப்பு மிகக் குறுகியதாக இருந்தால், சிபியூவை விழுங்கிக்கொண்டே இருக்கும், வேலை மட்டும் நகராது.

நான்காவது நிபந்தனைக்கு வரும்போது ஒரு தெளிவான வழி கிடைக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹேவண்டர் 1968-இல் எழுதிய கட்டுரையில், ஓஎஸ்/360 என்ற பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தை முன்வைத்து இதை விளக்கினார். எல்லா வளங்களுக்கும் எண் கொடு. யாராக இருந்தாலும் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு மட்டும் ஏறு வரிசையில் கேட்கட்டும்.

மேசையில் முட்கரண்டிகளுக்கு 0 முதல் 4 வரை எண் கொடுப்போம். ஆட்களுக்கும் அதே எண்கள். 0-ஆம் ஆளுக்கு இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1. 1-ஆம் ஆளுக்கு 1, 2. இப்படியே போனால் 3-ஆம் ஆளுக்கு 3, 4. கடைசி ஆளுக்கு இடப்பக்கம் 4, வலப்பக்கம் 0. முதல் நால்வருக்குப் புதிய விதியால் எந்த மாற்றமும் இல்லை, இடப்பக்கமே சிறிய எண். 4-ஆம் ஆள் மட்டும் வலப்பக்கத்து 0-ஐ முதலில் எடுக்க வேண்டும்.

அந்த மோசமான நொடியை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். ஐவருக்கும் ஒன்றாகப் பசிக்கிறது. 0-ஆம் ஆள் கரண்டி 0-ஐ எடுத்துவிட்டார். 4-ஆம் ஆளும் அதையே முதலில் எடுக்க வேண்டும், கிடைக்கவில்லை. ஆகவே வெறுங்கையோடு காத்திருக்கிறார். அவர் கையில் எதுவும் இல்லாததால் கரண்டி 4 மேசையில் கிடக்கிறது. 3-ஆம் ஆள் ஏற்கெனவே 3-ஐ வைத்திருக்கிறார், 4-ஐயும் எடுத்துச் சாப்பிடுகிறார். முடித்துக் கீழே வைத்ததும் 2-ஆம் ஆளுக்குக் கரண்டி 3 கிடைக்கிறது. அவர் முடித்ததும் 1-ஆம் ஆளுக்கு 2, பிறகு 0-ஆம் ஆளுக்கு 1. அவர் 0-ஐ வைத்ததும் 4-ஆம் ஆளின் முறை. ஒரே ஒருவர் கை மாறியதில் மேசை முழுவதும் விடுபட்டுவிட்டது.

ஏன் இது எப்போதும் செல்லும் என்பதற்கு நிரூபணம் இரண்டு வரி. ஏறு வரிசையில் கேட்பவர், தன் கையில் இருப்பதைவிடப் பெரிய எண்ணுக்கே காத்திருப்பார். காத்திருப்பு வட்டமாக இருந்தால், ஒவ்வொருவரையும் தாண்டும்போது எண் ஏறிக்கொண்டே போய், சுற்றி வந்து தொடங்கிய எண்ணைவிடப் பெரியதாகத் தொடங்கிய எண்ணே இருக்க வேண்டும்; அது நடக்காது. விடைத்தாளில் இந்த இரண்டு வரியும் இருந்தால், விதியை ஒப்பிப்பதற்கும் விளக்குவதற்கும் உள்ள வேறுபாடு திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வழியும் இலவசம் அல்ல. மேலே பார்த்த ஓட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சாப்பிட்டார், ஐந்து கரண்டிகள் இருக்கும்போது இருவர் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கலாம். டெட்லாக் வராது என்று மட்டும்தான் இந்த விதி உறுதி கொடுக்கிறது, வேகத்துக்கு அல்ல.

மேசைக்கு இன்னொரு தீர்வும் உண்டு. ஒரு நேரத்தில் நால்வரை மட்டும் உட்கார விடுவது. நால்வரும் ஆளுக்கு ஒன்று எடுத்தாலும் ஐந்தாவது கரண்டி மிச்சம் இருக்கும், யாரோ ஒருவர் கண்டிப்பாகச் சாப்பிடுவார். கேட் தேர்வில் வரும் எண் கணக்குகளின் வேர் இதுதான். ஆறு டேப் டிரைவ்கள், ஒவ்வொரு பிராசஸுக்கும் அதிகபட்சம் மூன்று தேவைப்படலாம், டெட்லாக் வராமல் எத்தனை பிராசஸ்களை அனுமதிக்கலாம்? மிக மோசமான நிலையை யோசிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தேவைக்கு ஒன்று குறைவாக, அதாவது இரண்டிரண்டு பிடித்து நிற்கிறது. அதற்கு மேலும் ஒரு டிரைவ் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு பிராசஸ் என்றால் நான்கு போகும், இரண்டு மிச்சம், பயமில்லை. மூன்று என்றால் ஆறும் போய்விடும், மிச்சம் இல்லை. விடை இரண்டு.

இங்கேதான் பல விடைத்தாள்களில் டைக்ஸ்ட்ராவின் பேங்கர் அல்காரிதம் தவறாக நுழைகிறது. அது டெட்லாக்கைத் தவிர்க்கும் முறை. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும், இதைக் கொடுத்தால் எல்லோரும் முடிக்க ஒரு வழியாவது மிஞ்சுமா என்று கணக்கிட்டுப் பார்த்துத்தான் கொடுக்கும். நான்கு நிபந்தனைகளில் எதையும் அது நிரந்தரமாக முறிப்பதில்லை. தடுப்பது பற்றிக் கேட்ட கேள்விக்கு அதை ஒரு பக்கம் எழுதினால் நேரம்தான் வீணாகும்.

வட்ட மேசையை விட்டு உண்மையான புரோகிராமுக்கு வந்தால், டெட்லாக் ஒளிந்திருக்கும் இடம் இன்னும் தந்திரமானது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றும் இந்தச் சி நிரலைப் பாருங்கள்:

```c
void transfer(struct account *from, struct account *to, int amt)
{
    pthread_mutex_lock(&from->lock);
    pthread_mutex_lock(&to->lock);
    from->balance -= amt;
    to->balance   += amt;
    pthread_mutex_unlock(&to->lock);
    pthread_mutex_unlock(&from->lock);
}
```

பூட்டும் வரிசை எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று தோன்றும். முதலில் அனுப்புபவர், பிறகு பெறுபவர். ஆனால் ஒரு த்ரெட் `transfer(A, B, 500)` என்று அழைக்கும் அதே கணத்தில் இன்னொன்று `transfer(B, A, 200)` என்று அழைத்தால், முதலாவது A-ஐப் பூட்டிவிட்டு B-க்குக் காத்திருக்கும், இரண்டாவது B-ஐப் பூட்டிவிட்டு A-க்குக் காத்திருக்கும். ஐந்து பேர் தேவையில்லை, இரண்டு பேரே போதும். நிரலில் வரிசை ஒன்று, ஓடும்போது வரிசை வேறு. இரண்டு பூட்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகமிகக் குறுகியது என்பதால் சோதனையில் ஆயிரம் முறை ஓட்டினாலும் சிக்காமல் போகலாம், கூட்டம் அதிகமான ஒரு நாளில் சிக்கும்.

திருத்தம் ஹேவண்டர் சொன்னதுதான். யார் அனுப்புகிறார் என்று பார்க்காமல், கணக்கு எண்ணைப் பார்த்துச் சிறியதை முதலில் பூட்ட வேண்டும்:

```c
struct account *a = from->id < to->id ? from : to;
struct account *b = from->id < to->id ? to : from;
pthread_mutex_lock(&a->lock);
pthread_mutex_lock(&b->lock);
```

இப்போது இரண்டு த்ரெட்களும் A-இல்தான் முதலில் மோதும், தோற்றது வெறுங்கையோடு நிற்கும். ஒன்றை மறந்துவிடக் கூடாது. யாராவது தன் கணக்கிலிருந்து தன் கணக்குக்கே பணம் மாற்ற முயன்றால், `a`-யும் `b`-யும் ஒரே கணக்கு. தான் ஏற்கெனவே பூட்டியதை ஒரு த்ரெட் மறுபடி பூட்ட முயல்கிறது. சாதாரண மியூடெக்ஸ் என்றால் தனக்காகத் தானே காத்திருந்து நின்றுவிடும். முதல் வரியிலேயே `from == to` என்றால் திரும்பிவிடு என்று எழுத வேண்டும்.

ஒரு சிறிய நிரலில் இரண்டு பூட்டுகளின் வரிசையைக் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். லினக்ஸ் கெர்னலில் பூட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, எழுதுபவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே வரிசை விதியைக் காப்பாற்ற இங்கோ மோல்னார் 2006-இல் லாக்டெப் என்ற சரிபார்ப்பானைச் சேர்த்தார். எந்த வகைப் பூட்டைப் பிடித்திருக்கும்போது எந்த வகைப் பூட்டு கேட்கப்படுகிறது என்பதை, கெர்னல் ஓடும்போதே அது குறித்துக்கொள்கிறது. காலையில் ஓரிடத்தில் A-க்குப் பிறகு B பிடிக்கப்பட்டு, மாலையில் வேறோரிடத்தில் B-க்குப் பிறகு A பிடிக்கப்பட்டால், இரண்டும் ஒருபோதும் நேரில் மோதாவிட்டாலும், கணினி நிற்காவிட்டாலும், அது இப்படி எச்சரிக்கும்:

```
WARNING: possible circular locking dependency detected
```

இதன் கீழே, எந்தெந்த ஃபங்ஷன் எந்த வரிசையில் பூட்டியது என்ற இரண்டு தடங்களும் அச்சாகும். வேகத்தைக் குறைப்பதால் பயனர்களுக்குப் போகும் கெர்னலில் இதை வழக்கமாக இயக்குவதில்லை, எழுதுபவர்களின் சோதனைக் கணினிகளில் இயக்குகிறார்கள். அது கண்டுபிடிப்பது நடந்துவிட்ட டெட்லாக்கை மட்டும் அல்ல, நடக்கக்கூடியதையும். ஆனால் சோதனையில் ஒருமுறையாவது ஓடிய பாதைகளைத்தான் அதனால் பார்க்க முடியும். ஓடாத பாதையில் தலைகீழாகப் பூட்டும் வரி இருந்தால், அது அங்கேயே காத்திருக்கும்.